பீரோவுக்கு மேலே

ஙொய்ங்...

அதுதான் முதலில் வரும், டாக்டரம்மா. கண்ணுக்கு எதுவும் தெரிவதற்கு முன்னால் சத்தம். எங்கள் ஐஸ் கம்பெனியில் கம்ப்ரசரைப் போட்டதும் தரைக்குள்ளிருந்து ஓர் இரைச்சல் கிளம்பி, முழங்கால் வழியாக மேலே ஏறும். அந்தச் சத்தம். ஆனால் இது வெளியிலிருந்து வராது. இரண்டு காதுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு சுற்றும். பிறகு உடம்பெல்லாம் அதிரும். கண்ணைத் திறக்கலாம் என்றால் இமை அசையாது. விரலை மடக்கலாம் என்றால் விரல் யாருடையதோ.

உட்காருங்கள். அந்த நாற்காலி ஆடும், சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். சாமான் கட்டிக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் இப்படிக் கிடக்கிறது. நாளைக் காலையில் லோடு வேன் வருகிறது. வீட்டுக்காரர் இடிக்கப் போகிறார். மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், நானும் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்துவிட்டேன். இனி இழுக்க முடியாது.

நீங்கள் கம்பெனியில் கொடுத்த தாளில் முப்பத்திரண்டு கேள்வி. நைட் ஷிப்ட் ஆட்களுக்குத் தூக்கம் எப்படி, பகலில் தூங்கினால் மார்பில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கிறதா, இல்லாத ஆள் அறையில் நிற்கிறானா. மற்றவர்கள் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று கோடு போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்கள். நான் ஒவ்வொன்றாகப் படித்தேன். இருபத்தேழாவது கேள்வி: ‘உடம்பை விட்டு வெளியே வந்து, மேலேயிருந்து உங்களையே பார்த்ததுண்டா?’ பதினோரு வருஷமாக இந்தக் கேள்வியை யாராவது கேட்பார்களா என்று காத்துக்கொண்டிருந்தவன் நான். ‘ஆம்’ என்று போட்டேன். கஸ்பார் என்று பெயரும் எழுதினேன், விலாசமும் எழுதினேன். கூட வேலை பார்க்கிற பிச்சையா எட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, ஒங்கள ஆராய்ச்சிக்குப் பிடிச்சிட்டுப் போயி பாட்டில்ல போடப் போறாவ” என்றான். போடட்டும்.

ஒரு நிமிஷம்.

வாரேன்! வாரேன்! இந்தா வந்துட்டேன்!

... மன்னிக்கணும். கீரைக்காரம்மா. இரண்டு கட்டு வாங்கிவிட்டேன். நாளைக்கு வீடு மாறுகிறவனுக்கு எதற்குக் கீரை என்று உங்களுக்குத் தோன்றும். கூப்பிட்டால் போகாமல் இருக்க முடிவதில்லை, அவ்வளவுதான். உப்பு விற்கிறவர், பழைய பேப்பர்காரர், யார் தெருவில் குரல் கொடுத்தாலும் வாசலுக்குப் போய்விடுவேன். அந்தப் பேப்பர்காரருக்குப் போட என்னிடம் பேப்பரே கிடையாது. ஆனாலும் போய் நின்று, “இன்னைக்கு இல்ல தம்பி” என்று சொல்லிவிட்டு வருவேன். மரியாதை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

எங்கே விட்டேன்? சத்தம்.

எனக்கு இது இருபத்தைந்து வயதில் ஆரம்பித்தது, தெரிந்து செய்ததில்லை. ராத்திரி முழுக்க ஐஸ் கேன் இழுத்துவிட்டு, வெயில் ஏறும்போது வந்து படுப்பவனுக்குத் தூக்கம் துண்டு துண்டாகத்தான் வரும். ஒருநாள் அசைய முடியாமல் கிடந்தேன். நெஞ்சில் பாரம். எங்கள் அம்மை, தூக்கத்தில் அமுக்குகிற பேய், அமுக்கான் என்றாள். மந்திரித்துத் தாயத்துக் கட்டினாள். அது பாட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. இன்னொரு நாள் பாரம் வந்தபோது நான் பயப்படாமல் சும்மா இருந்துவிட்டேன். அப்போதுதான் மிதந்தேன். விட்டம் முகத்துக்குக் கிட்டே வந்தது. கீழே ஒருவன் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தான். என்ன அசிங்கமாகத் தூங்குகிறான் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அவன் நான்.

யாரிடம் கேட்பது? பழைய புத்தகக் கடையில் தேடினேன். நான் எட்டாம் வகுப்பு. ஆனால் ராத்திரி கம்ப்ரசர் ஓடும்போது மீட்டரைப் பார்ப்பது தவிர வேறு வேலை இல்லை, படிக்க நிறைய நேரம். அட்டை கிழிந்த புத்தகம் ஒன்று கிடைத்தது, எழுதியவர் பெயர் இருக்கவேண்டிய பக்கமே இல்லை. அதில் எல்லாம் போட்டிருந்தது. தூல உடம்பு, அதற்குள்ளே சூக்கும உடம்பு. தூங்கும்போது எல்லோருக்கும் இது கொஞ்சம் விலகித்தான் இருக்குமாம், தெரியாமல். தெரிந்து விலகுவதுதான் வித்தை. இரண்டையும் இணைக்க ஒரு வெள்ளிக் கயிறு, நெற்றியிலிருந்தோ தொப்புளிலிருந்தோ, எவ்வளவு தூரம் போனாலும் நீளும், அறுந்தால் சாவு. எனக்கு அந்தக் கயிறு தெரிந்ததே இல்லை, டாக்டரம்மா. தெரியாததால் நான் இன்னும் தேறவில்லை என்று நினைத்துக்கொள்வேன். நீங்கள் பேசிய ஆட்களில்கூட கயிற்றைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான் என்கிறீர்களா? அட. இதை அப்போதே யாராவது சொல்லியிருக்கலாம்.

முறையும் அதில் இருந்தது. முதலில் மூன்று நான்கு மணி நேரம் தூங்க வேண்டும். எழுந்து கால் மணி நேரம் விழித்திருக்க வேண்டும். பிறகு மல்லாந்து படுத்து, அசையாமல், உடம்பைத் தூங்க விட்டுவிட்டு மனசை மட்டும் விழிக்க வைத்திருக்க வேண்டும். மூக்கு அரிக்கும், சொறியக் கூடாது. மூடிய கண்ணுக்குள் கோடு, புள்ளி, முகம் எல்லாம் வந்து போகும், பின்னாலேயே போகக் கூடாது. பிறகு சத்தம். பிறகு அதிர்வு. அந்த அதிர்வில், தலைக்கு மேலே ஒரு கயிறு தொங்குவதாக நினைத்து, கையை அசைக்காமல், நினைப்பாலேயே பிடித்து ஏற வேண்டும். எனக்குக் கயிறு சரிப்படவில்லை. நான் என் வேலையை நினைத்துக்கொள்வேன். ஐஸ் கட்டிய கேனை உப்புத்தண்ணித் தொட்டியிலிருந்து தூக்கி, நேராகக் கவிழ்த்தால் ஐஸ் பாளம் வராது. சாதாரணத் தண்ணீரில் ஒரு முக்கு முக்க வேண்டும். ஓரம் இளகும். அப்புறம் சாய்த்தால் போதும், வழுக்கிக்கொண்டு முழுப் பாளமும் வெளியே வந்துவிடும். அப்படித்தான் நானும் வருவேன். கேன் கட்டிலில் கிடக்கும்.

வெளியே வந்த பிறகும் சில சட்டம் உண்டு. லைட் சுவிட்சைப் போட்டால் எரியாது. கையைப் பார்த்தால் விரல் கூடக் குறைய இருக்கும். ஒரு எழுத்தைப் படித்துவிட்டுத் திரும்பப் பார்த்தால் வேறு எழுத்தாகியிருக்கும். அறையே கொஞ்சம் பிசகி இருக்கும். இந்த ஜன்னல் எனக்கு எப்போதும் அந்தப் பக்கச் சுவரில்தான் இருக்கும். பயந்தால் உடனே உள்ளே இழுத்துப் போட்டுவிடும், மாடியிலிருந்து விழுந்த மாதிரி உடம்பு தூக்கிப் போடும்.

முக்கியமான சட்டம் ஒன்று இருந்தது. அதை அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன். ‘விலகும் வேளையில் குரல்கள் கேட்கும். பழகியவர் குரலில் உன் பெயரைச் சொல்லி அழைக்கும். செவி கொடாதே. செவி கொடுத்தால் உடம்பு பிடித்துக்கொள்ளும்.’ அது உண்மைதான். செத்துப்போன என் அய்யா எத்தனையோ தடவை “கஸ்பாரு... ஏலே கஸ்பாரு” என்று கூப்பிட்டிருக்கிறார். திரும்ப மாட்டேன். மெல்ல அடங்கிவிடும்.

அமலியைச் சொல்லவில்லையே. என் சம்சாரம். அமலோற்பவம் என்று பெயர், வீட்டில் அமலி. அவளுக்கு இது பிடிக்காது என்றுதான் நினைத்தேன். ஒருநாள் எல்லாவற்றையும் சொன்னேன். மீனை அறுத்துக்கொண்டே கேட்டாள்.

“அப்போ ஒங்க ஒடம்பு மட்டும் இங்க கெடக்கும், நீங்க ஊரச் சுத்துவிய.”

“ஆமா.”

“ரேஷன் கடை வரைக்கும் போவிய?”

“போகலாம்.”

“அப்போ கூட்டம் இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. நான் வேகாத வெயில்ல போயி நிக்க வேண்டாம்.”

அப்படித்தான் அவள். ஆனால் பரீட்சை வைக்கும் யோசனை அவளுடையதுதான். நிஜமாக வெளியே வருகிறேனா, கனாக் காண்கிறேனா என்று எப்படித் தெரியும்? “நீங்க தூங்கின பொறவு நான் பீரோவுக்கு மேல ஒரு சாமான வைக்கேன். நீங்க மேல போயி என்னன்னு பாருங்க. எந்திச்சுச் சொல்லுங்க.” பாருங்கள், ஐந்தாம் வகுப்பு படித்தவள். பெரிய ஆஸ்பத்திரிகளில் இதைத்தான் செய்தார்களாமே? நோயாளி படுத்திருக்கிற அறையில், உயரத்தில், மேலேயிருந்து பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி படத்தை வைத்து? ஒருத்தரும் சரியாகப் பார்த்துச் சொல்லவில்லையா? ம்.

நான் சொன்னேன். சும்மா இல்லை, பாதிக்குப் பாதி. முதல் நாள் கரண்டி என்றேன். அவள் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்துக் காட்டினாள், கரண்டி! எலுமிச்சம்பழம் என்றேன், எலுமிச்சம்பழம். ஏதோ உருண்டையாக என்றால் பூண்டு. ஜெனிட்டா, எங்கள் மகள், அப்போது எட்டாவது. லீவு நாளில் அவளும் கை தட்டுவாள். நான் இந்தத் தெருவில் நடக்கும்போது யாருக்கும் தெரியாத பணக்காரனைப் போல நடப்பேன்.

உப்பு... வாரேன் அண்ணாச்சி!

... இல்லை, வாங்கவில்லை. சும்மா சொல்லிவிட்டு வந்தேன்.

ஜெனிட்டா கல்யாணம் முடிந்து போகிற அன்றைக்கு என்னிடம் ஒன்று சொன்னாள். “யப்பா, நீங்க சொல்லிட்டு மொகம் கழுவப் போனதும் அம்மா ஸ்டூல்ல ஏறி மாத்தி வச்சிரும். நீங்க கரண்டின்னா கரண்டி. என்ட்ட, சொல்லிராத, அப்பா மொகம் எப்படி இருக்கு பாருன்னு சொல்லும்.” சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன். வேன் கிளம்பின பிறகு ரொம்ப நேரம் தெருவிலேயே நின்றேன்.

எல்லா நாளும் மாற்றியிருக்க மாட்டாள். ஒன்றிரண்டு நிஜமாக இருக்கும். அப்படித்தான் நினைக்கிறேன்.

சரி. அந்த நாளுக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் உங்களை வரச் சொன்னேன்.

பங்குனி மாசம். ஏழு மணிக்கு வந்தேன். ஜெனிட்டா பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருந்தாள். அமலி இட்லி வைத்துவிட்டு, “எடது தோளு ஒரு மாதிரி நோவுதுங்க. கையத் தூக்க முடியல. இன்னைக்கு ஸ்டூல்ல ஏற முடியுமோ என்னமோ” என்றாள். “தைலம் தேயி. சின்னதா எதையாவது வச்சாப் போதும். இன்னைக்குக் கடல் வரைக்கும் போயிருவேன், எனக்குத் தெரியுது” என்றேன். அதுவரைக்கும் மிதக்கும்போது நான் இந்த வீட்டைத் தாண்டினதில்லை. ராத்திரி வேலைக்காரனுக்குப் பகல் கடல் எங்கே? இருபது வருஷமாகக் கடலுக்குப் பக்கத்தில் வேலை, கறுப்பாகத்தான் பார்த்திருக்கிறேன்.

படுத்தேன். பத்தரைக்கு அலாரம். எழுந்து கால் மணி நேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அடுக்களையில் பாத்திரச் சத்தம் கேட்டது. திரும்ப மல்லாந்து படுத்தேன். கோடு, புள்ளி, முகம். சத்தம் வந்தது. ஙொய்ங். அன்றைக்கு நல்ல பலமாக வந்தது. அதிர்வு காலிலிருந்து ஏறியது. அப்போது குரல்.

“ஏங்க.”

நான் அசையவில்லை.

“ஏங்க... இங்க...”

கொஞ்சம் கழித்து இன்னொரு தடவை. அதில் பாதி எழுத்துதான் இருந்தது. பிறகு ஏதோ பாத்திரம் உருண்டு நின்ற மாதிரி. இதெல்லாம் அந்த நேரத்தில் வருவதுதான், வெடிச்சத்தம்கூட வரும், நீங்களே தாளில் எழுதியிருந்தீர்கள். செவி கொடாதே. நான் கொடுக்கவில்லை. அப்படி ஒரு கட்டுப்பாடு எனக்கு அதற்கு முன்னால் வாய்த்ததில்லை. பாளம் வழுக்கியது.

என்ன கேட்டீர்கள்? பெயரைச் சொல்லியா கூப்பிட்டது? இல்லை. அமலி என் பெயரைச் சொல்ல மாட்டாள், எந்தப் பெண்பிள்ளை சொல்லும். அதை விடுங்கள். நான் மேலே போனதைச் சொல்கிறேன்.

மேலே போனேன். பீரோவைத்தான் முதலில் பார்த்தேன். மேல்தட்டில் சிவப்பாக ஒரு மூடி. பவுடர் டப்பா மூடி. மல்லாந்து கிடந்தது, உள்ளே கொஞ்சம் வெள்ளையாக ஒட்டியிருந்தது. இப்போதும் கண்ணில் நிற்கிறது. கதவு வழியாகப் போகவில்லை, சுவர் வழியாகப் போனேன். அடுக்களைக்கு மேலே போகும்போது அவள் தரையில் படுத்திருந்தாள். ஒருக்களித்து. ஒரு கை தலைக்கு அடியில். வெயிலுக்குத் தரை சில்லென்று இருக்கும், அதனால் படுத்திருக்கிறாள் என்று நினைத்தேன். நினைத்தேனா? அந்த நிலையில் யோசனை தண்ணீர் மாதிரி இருக்கும், நிற்காது. போய்விட்டேன்.

கடலைப் பார்த்தேன், டாக்டரம்மா. உப்பளம் முழுக்கப் பாத்தி பாத்தியாக, எங்கள் தொட்டியில் கேன் வரிசையாக நிற்கிற மாதிரி, வெள்ளை. அதற்கு அந்தப் பக்கம் பச்சைத் தண்ணீர். ஒரு வள்ளத்தின் நிழல் அடியில் மணல்மேல் போய்க்கொண்டிருந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் வாழ்நாளில் இருந்ததில்லை. இதை ஒருத்தரிடமும் சொன்னதில்லை. சொல்லவும் கூடாது, அன்றைக்கு. ஆனால் அப்படித்தான் இருந்தது.

கண் விழித்தபோது பன்னிரண்டு நாற்பது. “அமலி, சிவப்பு மூடிதானே?” என்று கேட்டுக்கொண்டே அடுக்களைக்குப் போனேன்.

ஒருக்களித்துத்தான் கிடந்தாள். கை தலைக்கு அடியில்.

ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு போனேன். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று அங்கே இருந்த டாக்டர் சொன்னார். நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார். தூங்கிக்கொண்டிருந்தேன் என்றேன். நைட் ஷிப்ட் என்றதும் பாவம் என்று தோளில் தட்டினார்.

இப்போது என் கணக்கு உங்களுக்குப் புரிகிறதா? அந்தச் சிவப்பு மூடி பீரோவுக்கு மேலே இருந்தால், நான் நிஜமாகவே வெளியே வந்திருக்கிறேன். வந்திருந்தால், அவளை நிஜமாகவே மேலேயிருந்து பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டுக் கடலுக்குப் போனேன். இல்லை என்றால் எல்லாம் கனா. கனாக் கண்டவனை யார் என்ன சொல்ல முடியும்? மூளையில் காதுக்கு மேல் பக்கத்தில் ஓரிடம், உடம்பு எங்கே இருக்கிறது என்று பார்வையையும் நிலையையும் சேர்த்துக் கணக்குப் போடுகிற இடம், அது பிசகினால் மிதக்கிற மாதிரி இருக்கும் என்று கம்பெனியில் வைத்துச் சொன்னீர்களே. ஆபரேஷனில் அந்த இடத்தில் மின்சாரம் வைத்தபோது ஒரு அம்மா தன்னையே மேலேயிருந்து பார்த்தார்கள் என்றும் சொன்னீர்களே. அதைக் கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. கனவுத் தூக்கம் பாதியில் இருக்கும்போது மனசு மட்டும் முழித்துக்கொள்வது. அவ்வளவுதான் என்றால் நான் பாவி இல்லை.

பதினோரு வருஷம் நான் ஏறவில்லை. பீரோ உயரம், கீழே நின்றால் தெரியாது. வெள்ளிக்கிழமை தோறும் அவள் ஈரத்துணி போட்டுத் துடைப்பாள். அதற்கப்புறம் யாரும் துடைக்கவில்லை. ஜெனிட்டா ஒரு தடவை ஸ்டூலை இழுத்தபோது நான் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டார் வந்துவிட்டார்கள். வீடு மாறாமல் இருந்ததுகூட இதனால்தான். நாளைக்கு வேன்காரப் பையன்கள் பீரோவைச் சாய்ப்பார்கள். மூடி உருண்டு விழுந்தாலும் விழும், விழாவிட்டாலும் அது அவர்கள் கண்ணில்தான் படும்.

அதனால் நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். இதோ ஸ்டூல். கெட்டிதான், பிடித்துக்கொள்கிறேன். செல்போன் லைட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். மெதுவா. நான் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

என்ன?

நல்லாப் பாருங்கள். பின்பக்கம், சுவரோரம்?

ஒன்றுமே இல்லையா? மூடி இல்லை? வேறு எதுவும்? ஒரு ஊக்கு, ஒரு பூண்டுகூடவா இல்லை? தூசி விரல் கனத்துக்கு, ஒரே சமமாக. எதையும் வைத்த தடம் கிடையாது. சரி.

சரி, இறங்குங்கள். ஆண்டவரே. அப்போ கனாதான். நான் அவளைப் பார்க்கவில்லை. கடலையும் பார்க்கவில்லை. பதினோரு வருஷம்.

அவள் ஏறவே இல்லை அன்றைக்கு. தோளு நோவுது என்றாளே. பாவி மக, ஏறவே இல்லை.

நான் எங்கேயும் போகவில்லை.

... கொஞ்சம் இருங்கள். இந்தக் கட்டில் அங்கே இருந்தது. தலைமாடு இந்தப் பக்கம். அடுக்களை அதோ. நடுவில் கதவுகூடக் கிடையாது, ஒரு சேலைத் துணிதான் தொங்கும். எண்ணிப் பாருங்கள், ஏழு எட்டு அடி வருமா?

அப்படி என்றால் நான் இங்கேதான் இருந்திருக்கிறேன். காதோடு. இந்தத் தலையணையில்.

இல்லை, தண்ணீர் வேண்டாம். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், எழுதிக்கொள்ளுங்கள். இருபத்தேழாவது கேள்வியில் ‘ஆம்’ என்று போட்டேனே, அதை அடித்துவிட்டு ‘இல்லை’ என்று போட்டுவிடுங்கள்.

அந்தக் கொடியில் ஒரு பழைய துணி கிடக்கிறது பாருங்கள். குழாயில் கொஞ்சம் நனைத்துப் பிழிந்து கொடுப்பீர்களா? வேன்காரப் பையன்கள் மேலெல்லாம் தூசி கொட்டும். ஸ்டூலை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு என்ன கிழமை? வெள்ளியா? சரி. நானே ஏறுகிறேன்.